‘குறிப்பிடத்தக்க’ என்பதை அடித்துத் திருத்தினால் போதுமா?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் வந்தால் போதும், அந்த வாதம் மறுபடி கிளம்பிவிடுகிறது. மாணவர் கருத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், புள்ளியியல் சொற்களில்தான் கொஞ்சம் தடுமாறுகிறார், சொல்தானே, திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். இதை நம்பும் நெறியாளர் முடிவுகள் இயலை எப்படித் திருத்துகிறார் என்று நமக்குத் தெரியும். ‘குறிப்பிடத்தக்க’ என்பதன்மேல் ஒரு கோடு, ‘ஒட்டுறவு’ என்பதன் அருகே ஒரு கேள்விக்குறி, பக்க ஓரத்தில் ‘புள்ளியியலைச் சரிபார்க்கவும்’ என்று ஒரு வரி. மாணவர் ‘குறிப்பிடத்தக்க’ என்பதை ‘கணிசமான’ என்று மாற்றிக்கொண்டு வருகிறார். இயல் ஒப்புதல் பெறுகிறது. தவறு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. முடிவுகள் இயலில் ‘குறிப்பிடத்தக்க’, ‘ஒட்டுறவு’, ‘மாதிரி’ என்ற மூன்று சொற்களும் வெறும் சொற்களாக வருவதில்லை. ஒவ்வொன்றும் ஓர் உரிமைகோரல். உரிமைகோரல் பொய்யாக இருக்கும்போது சொல்லை மட்டும் மாற்றச் சொல்வது, அந்தப் பொய்யை நாமே செப்பம் செய்து கொடுப்பதாகும்.

கல்வியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பள்ளிகள், பள்ளிக்கு நூறு பேர், மொத்தம் 400 பதினோராம் வகுப்பு மாணவர்கள். நாளொன்றுக்குக் கைப்பேசியில் செலவிடும் நேரமும் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணும் சேகரிக்கப்பட்டிருக்கின்றன. அட்டவணையில் r = −0.12, p = 0.016. அதன்கீழே ஆய்வாளர் எழுதுகிறார்: ‘கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க எதிர்மறை ஒட்டுறவு உள்ளது. எனவே கைப்பேசி மாணவர்களின் மதிப்பெண்ணைப் பெரிதும் குறைக்கிறது.’ இரண்டே வாக்கியங்கள். இலக்கணப் பிழை கிடையாது. எண்களும் சரியாகப் பெயர்த்து எழுதப்பட்டுள்ளன. ஆனால் இரண்டாம் வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கும் அட்டவணையில் ஆதாரம் இல்லை. இந்த 0.12-ஐத்தான் இக்கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப எடுத்துவைக்கப் போகிறேன். இப்படிப்பட்ட எண்களின்மேல்தான் எத்தனையோ ஆய்வேடுகளின் பரிந்துரை இயல்கள் நிற்கின்றன.

முதலில் ‘பெரிதும்’. மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 10 என்றும், கைப்பேசி நேரத்தின் திட்ட விலக்கம் ஒன்றரை மணி என்றும் வைத்துக்கொண்டால், −0.12 சொல்வது இவ்வளவுதான்: ஒரு மணி நேரம் கூடுதலாகக் கைப்பேசி பார்ப்பவரின் மதிப்பெண் சராசரியாக 0.8 குறைவாக இருக்கிறது. ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஒரு மாணவரின் கைப்பேசி நேரம் தெரியாமல் அவர் மதிப்பெண்ணை ஊகித்தால் நம் பிழை ஏறத்தாழ 10 மதிப்பெண். நேரம் தெரிந்த பிறகு ஊகித்தால் 9.93. இந்தச் சிறு குறைவைத்தான் ‘பெரிதும்’ என்கிறது ஆய்வேடு. அப்படியானால் p = 0.016 எதைச் சொல்கிறது? உண்மையில் தொடர்பே இல்லாதிருந்தால், இவ்வளவு அல்லது இதைவிட அதிகமான r தற்செயலாகக் கிடைக்க நூற்றுக்கு ஒன்றரை வாய்ப்புதான் என்கிறது. தொடர்பின் அளவைப் பற்றி அது பேசவே இல்லை. அதே −0.12 நூறு மாணவர்களிடம் கிடைத்திருந்தால் p ஏறத்தாழ 0.23 ஆகியிருக்கும். அப்போது இதே ஆய்வாளர் ‘தொடர்பு இல்லை’ என்று எழுதியிருப்பார். நாலாயிரம் பேரிடம் கிடைத்திருந்தால் எஸ்பிஎஸ்எஸ் பழைய பதிப்புகளின் திரையில் .000 என்று வந்திருக்கும். அவர் ‘மிக மிகக் குறிப்பிடத்தக்கது’ என்று எழுதி, p = 0.000 என்றும் சேர்த்திருப்பார். p ஒருபோதும் சுழியாகாது. மூன்று தசமத்துக்குள் அடங்காத சிறு எண்ணைத் திரை அப்படிக் காட்டுகிறது, p < 0.001 என்றுதான் எழுத வேண்டும். தொடர்பு மாறவில்லை, 0.12 மாறவில்லை, தலைகளின் எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. p மதிப்பு ஒரு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளக்காது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. அதன் பிறகும் ‘சொல்தானே’ என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

அடுத்தது ‘குறைக்கிறது’. ஒட்டுறவு என்பது இரு அளவுகள் சேர்ந்து ஏறுகின்றனவா, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறதா என்பதைச் சொல்லும் எண். எது எதைச் செய்தது என்று அது சொல்வதில்லை. பாடம் புரியாமல் பின்தங்கியவர் சலித்துப்போய்க் கைப்பேசியை எடுத்திருக்கலாம். வீட்டில் கேட்க ஆளில்லாத நிலை இரண்டையும் ஒருசேர உண்டாக்கியிருக்கலாம். அந்த எண்ணையே தனியாக நம்பக்கூடாது என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது. 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் r ஏறக்குறைய 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை ஒரே ஒரு புள்ளி கெடுக்கிறது, ஒன்றில் ஒரே ஒரு புள்ளிதான் தொடர்பையே உண்டாக்குகிறது. சிதறல் வரைபடம் இல்லாத ஒட்டுறவு அட்டவணைக்குக் கையொப்பமிடும் நெறியாளர் இந்த நான்கில் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று அறியாமலே தருகிறார்.

மூன்றாவது சொல்தான் அதிகம் கவனிக்கப்படாதது, அதிகம் கெடுப்பதும் அதுதான். ‘400 மாதிரிகள் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன’ என்று மூன்றாம் இயலில் இருக்கும். 400 மாணவர்கள் சேர்ந்தது ஒரு மாதிரி. நெறியாளர் ‘மாதிரிகள்’ என்பதை ‘மாதிரி’ ஆக்கிவிட்டு நகர்கிறார். ‘சமவாய்ப்பு’ என்பதைத் தொடுவதே இல்லை. தலைமையாசிரியர் அனுமதி தந்த நான்கு பள்ளிகளில், அன்று வகுப்பில் இருந்தவர்களிடம் படிவம் கொடுத்து வாங்கியதற்கு வசதி மாதிரி என்று பெயர். அது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். ஏனென்றால் p = 0.016 என்ற கணக்கு, 400 பேரும் ஒருவரையொருவர் சாராமல் வந்தவர்கள் என்ற அடிப்படையில் போடப்பட்டது. ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடம் படிக்கும் நூறு பேரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பள்ளிக்குப் பள்ளி கைப்பேசிப் பழக்கமும் மாறினால், அந்த 400 பேர் தரும் தகவல் சாராத 400 பேர் தரும் தகவலைவிடக் குறைவு, உண்மையான p அட்டவணையில் இருப்பதைவிடப் பெரியது. எண்ணிக்கையே எல்லாம் என்று நம்புபவர்கள் 1936-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடி அமெரிக்கர்களுக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். இருபது லட்சம் காப்பாற்றாத முடிவை 400 எப்படிக் காப்பாற்றும்?

ஆகவே இவை மூன்று தனித்தனிப் பிழைகளல்ல. மாதிரி சரிந்தால் p சரிகிறது. p சரிந்தால் ‘குறிப்பிடத்தக்க’ என்பதற்கு இடமில்லை. அது நின்றாலும் ஒட்டுறவு காரணமாகாது. திருத்தக் குறிப்பும் இந்த வரிசையில்தான் போக வேண்டும். அட்டவணையின் ஓரத்தில் இப்படி எழுதலாம்: ‘இந்த 400 பேரை எந்தப் பட்டியலிலிருந்து, யார், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? எத்தனை பேரிடம் கொடுத்து எத்தனை படிவம் திரும்பியது? பள்ளிவாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் இதே போக்கு தெரிகிறதா? சிதறல் வரைபடத்தைச் சேருங்கள். r-க்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி கொடுங்கள். அது ஏறத்தாழ −0.22 முதல் −0.02 வரை வரும், பள்ளித் தொகுப்பைக் கணக்கில் எடுத்தால் இன்னும் விரியக்கூடும். அந்த இடைவெளி முழுவதற்கும் பொருந்தும்படி வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். “குறைக்கிறது” என்று சொல்ல இந்த ஆய்வின் வடிவமைப்பில் என்ன இருக்கிறது?’ இதற்கு விடை தேடி வரும் மாணவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: ‘இந்த நான்கு பள்ளிகளில், கைப்பேசி நேரம் கூடியவர்களின் மதிப்பெண் சற்றே குறைவாக இருந்தது, தொடர்பு மிக வலுக்குறைவானது, காரணம் எதுவென்று இத்தரவு சொல்லாது.’ இதில் அடக்கமும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். எல்லா அட்டவணைக்கும் இப்படி எழுத வேண்டியதில்லை. ஒரே ஓர் அட்டவணைக்கு முழுமையாக எழுதிக் கொடுத்து, மற்றவற்றை இதே கேள்விகளால் நீங்களே சோதித்து வாருங்கள் என்றால் போதும். இருபது பக்கங்களில் கேள்விக்குறி போடுவதற்கு ஆகும் நேரத்தைவிட இது அதிகமாகாது. எங்கள் துறை புள்ளியியல் அல்ல என்பார்கள். அப்படியானால் அந்த எண்களை ஆய்வேட்டில் வைக்க யார் அனுமதித்தது? எண்ணைச் சான்றாக நிறுத்தியவர் அதன் பொருளுக்கும் பொறுப்பு. ‘குறிப்பிடத்தக்க’ முடிவு இல்லையென்றால் புறத்தேர்வாளர் ஏற்கமாட்டார் என்பார்கள். நோய்க்கு வேர் இதுதான். 0.05 என்ற எல்லையை ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளிவந்த தம் நூலில் வசதி கருதி எடுத்துக்கொண்டார். அதைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக்கியது நாம். 0.12 என்று வந்ததை 0.12 என்றே எழுதிய மாணவரைத் தண்டிக்கும் தேர்வு முறை, அடுத்த மாணவருக்கு மிகைப்படுத்தக் கற்றுத்தருகிறது.

இந்த அலட்சியத்தின் நிழலில்தான் பல்கலைக்கழக வாசல்களில் தரவுப் பகுப்பாய்வுக் கடைகள் தழைக்கின்றன. படிவங்களைக் கொடுத்தால் அட்டவணையும் அதற்கு விளக்கமும் சேர்ந்தே வருகின்றன. விளக்கத்தை எழுதியவர் அந்த நான்கு பள்ளிகளைப் பார்த்ததில்லை. மாணவரோ ‘Sig. (2-tailed)’ என்ற தலைப்பின்கீழ் என்ன இருக்கிறது என்று படித்ததில்லை. இன்னொரு பக்கம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளுக்குப் பிறகு ஒற்றுமை விழுக்காடு பத்தைத் தாண்டிவிடக்கூடாது என்று வரிக்கு வரி பார்க்கிறோம். பிறர் வாக்கியத்தைத் திருடுவதைப் பிடிக்க மென்பொருள் வாங்குகிறோம். தன் சொந்தத் தரவு சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதைப் பிடிக்க ஓர் ஓரக் குறிப்பு எழுதவும் மனமில்லை. இரண்டில் எது ஆய்வை அதிகம் கெடுக்கும்? திருடிய வாக்கியத்திலாவது ஓர் உண்மை இருக்கக்கூடும்.

கைப்பேசி மதிப்பெண்ணைப் பெரிதும் குறைக்கிறது என்ற வரி ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. கருத்தரங்கக் கட்டுரையாகிறது, அடுத்த ஆய்வாளரின் முன்னாய்வுப் பட்டியலில் மேற்கோளாகிறது, பள்ளி நிர்வாகத்துக்குப் பரிந்துரையாகிறது. அங்கே யாரும் 0.12-ஐத் தேடிப் போவதில்லை. அந்த எண்ணும் அந்த வாக்கியமும் அருகருகே இருக்கும் இடம் நான்காம் இயல் மட்டும்தான், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கடமையுள்ள முதல் ஆள் நெறியாளர்தான். அவர் சொல்லைத் திருத்துவதோடு நிறுத்தக்கூடாது. இந்த எண் இந்த வாக்கியத்தைத் தாங்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும், அதற்கு எழுத்தில் விடை வரும்வரை கையொப்பமிடக் கூடாது.