உடலுக்குள் ஒரு 'பிரேக்': நோபல் வென்ற டி-ரெக் செல்கள் செய்யும் வேலை என்ன?

2025-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. நோய் எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்காமல் தடுப்பது எது என்பதைக் கண்டுபிடித்ததற்காக இந்தப் பரிசு.

தைமஸைத் தாண்டி வருபவை

கிருமிகளோடு சண்டை போடும் டி செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தயாராகின்றன. சொந்த உடலைத் தாக்கக்கூடிய செல்கள் அங்கேயே அழிக்கப்படும். ஆனால் இந்த வடிகட்டலில் சில தப்பித்து ரத்தத்துக்கு வந்துவிடும். அப்போ அவற்றை யார் அடக்குவது?

பிறந்து 3 நாளே ஆன எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டால், எதிர்ப்பு சக்தி குறையத்தானே வேண்டும்? நடந்ததோ நேர்மாறு. எதிர்ப்பு செல்கள் அந்த எலிகளின் உறுப்புகளையே தாக்கின. ஆரோக்கியமான எலியின் டி செல்களைச் செலுத்தியதும் அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டது. அப்படித் தடுத்தது எந்த வகை டி செல் என்பதை 1995-ல் சகாகுச்சி அடையாளம் காட்டினார். அதுதான் 'ஒழுங்குபடுத்தும் டி செல்', சுருக்கமாக டி-ரெக்.

எப்படி அடக்குகிறது?

தாக்கும் டி செல்கள் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் வேண்டும். டி-ரெக் செல்கள் அதை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகின்றன. அடுத்து, 'இதைத் தாக்கு' என்று டி செல்களைத் தூண்டிவிடும் டென்ட்ரிடிக் செல்களின் மேல் இருக்கும் தூண்டுதல் புரதங்களையும் பிய்த்து எடுத்துவிடுகின்றன. தீனியும் இல்லை, உத்தரவும் இல்லை என்றால் தாக்குதல் தானாக அடங்கிவிடும்.

பிரேக் பிடிக்கவில்லை என்றால்?

'ஸ்கர்ஃபி' என்ற எலி வகையில், ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களிலேயே இறந்துவிடும். ஃபாக்ஸ்-பி3 என்ற மரபணுவில் உள்ள பழுதுதான் இதற்குக் காரணம் என்று பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001-ல் கண்டுபிடித்தனர். டி-ரெக் செல்கள் உருவாக இந்த மரபணு அவசியம்.

மனிதர்களில் இதே மரபணு பழுதானால் வருவது ஐபெக்ஸ் எனும் அரிய நோய். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளைத்தான் இது தாக்கும். பிறந்த சில மாதங்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்து வரும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஓரளவு உதவும். நோயின் வேரைச் சரிசெய்ய ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவை.

பிரேக் அதிகமானாலும் ஆபத்து

பல புற்றுநோய்க் கட்டிகள் டி-ரெக் செல்களைத் தங்களைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கின்றன. கட்டியைத் தாக்க வரும் செல்களையும் இவை தடுத்துவிடும். சரி, மொத்தமாக நீக்கிவிடலாமா? நீக்கினால் எதிர்ப்பு சக்தி சொந்த உறுப்புகள் மீதே பாயும். அதனால் கட்டிக்குள் இருக்கும் டி-ரெக் செல்களை மட்டும் குறைக்கவும், மூட்டுவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களில் அவற்றைக் கூட்டவும் வழி தேடும் ஆய்வுகள் நடக்கின்றன.