வட்டத்துக்குள் வெட்டுப்படும் எங்கள் பாடசாலைச் சின்னம்



பழைய மாணவர் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போன கிழமை மாற்றிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 75 ஆவது ஆண்டுக்காகத் தம்பிமார் சின்னத்தை எடிட் செய்து, மேலே 75 என்று போட்டு, கீழே உள்ள ரிப்பனை அகலமாக்கியிருந்தார்கள். வடிவான வேலை. ஆனால் பக்கத்தில் ஏற்றியதும் ரிப்பனிலிருந்த அரபு வாசகத்தின் முதற் சொல்லும் கடைசிச் சொல்லும் காணாமற் போய்விட்டன. நடுச்சொற்கள் மட்டும் மிஞ்சின. அரைவாசி வாசகம் அர்த்தத்தையே மாற்றிவிடும் என்று கவலைப்பட்டவர்களின் கவலை நியாயமானது.

அதற்குப் பிறகு குழுமத்தில் வந்த யோசனைகள்தான் எங்களை இதை எழுத வைத்தன. ஒருவர் சின்னத்தைப் பக்கவாட்டில் நெருக்கச் சொன்னார். இன்னொருவர் வாசகத்தைச் சுருக்கச் சொன்னார். இரண்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பிழை சின்னத்தில் இல்லை, அதை வைத்த இடத்திலும் அளவிலும்தான் இருக்கிறது.

நாம் ஏற்றுவது சதுரம், காட்டப்படுவது அதற்குள் அடங்கும் வட்டம். நான்கு மூலைகளும் போய்விடும். எங்கள் சின்னம் 800 பிக்சல் அகலம், 900 உயரம். அதை 1000க்கு 1000 சதுரத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். சதுரத்துக்குள் தாராளமாக அடங்கியது. ஆனால் ரிப்பன் இருப்பது ஆக அடியில். அந்த இடத்தில் வட்டம் மிகவும் ஒடுங்கிவிடும். ரிப்பனின் அடிவிளிம்பு நிற்கும் மட்டத்தில் வட்டத்தின் அகலம் ஏறக்குறைய 436 பிக்சல்தான். 800 பிக்சல் ரிப்பன் அதற்குள் எப்படி அடங்கும்?

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நாங்கள் கரும்பலகையில் போடும் பைதகரஸ் தேற்றமே இங்கு போதும். அகலத்தையும் உயரத்தையும் அல்ல, மூலையிலிருந்து மூலைக்கு உள்ள விட்டத்தைப் பார்க்க வேண்டும். 800க்கும் 900க்கும் அது 1204. வட்டத்தின் விட்டமோ 1000. அதிலும் ஓரத்தில் 50 பிக்சல் இடைவெளி விடுவது நல்லது. ஸ்டோரி போட்டால் வரும் நீல வளையமும், கீழ் மூலையில் வரும் பச்சைப் புள்ளியும் ஓரத்தை ஒட்டியே வரும். ஆகவே நமக்குரிய வட்டம் 900தான். அதற்குள் கொண்டுவர, சின்னத்தை 598க்கு 673 ஆகச் சிறிதாக்க வேண்டும்.

"அவ்வளவு சின்னதா சேர்?" என்று கேட்பீர்கள். எங்கள் சின்னத்தில் ஒரு வசதி இருக்கிறது. மேல்பக்கம் கூம்பு, கீழ்ப்பக்கம்தான் அகலம். மேல் மூலைகளில் ஒன்றுமே இல்லை. எனவே சின்னத்தைச் சரி நடுவில் வைக்காமல் 75 பிக்சல் அளவு மேலே தூக்கினால், ரிப்பன் வட்டத்தின் அகலமான பகுதிக்கு வந்துவிடும். அப்போது 668க்கு 751 வரை பெரிதாக வைக்கலாம்.

போனிலேயே இதைச் செய்யலாம். 1000க்கு 1000 சதுரம் திறந்து, சின்னத்தின் பின்னணி நிறத்தால் முழுவதையும் நிரப்புங்கள். பின்னணியை வெறுமையாக விட்டால், ஏற்றிய பிறகு கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறக்கூடும். 900 அளவில் ஒரு வட்டத்தை நடுவில் வையுங்கள். சின்னத்தை மூலையைப் பிடித்து மட்டும் சிறிதாக்குங்கள். பக்கத்தைப் பிடித்து இழுத்தால் உருவம் நெளிந்துவிடும். ரிப்பனின் இரு நுனிகளும் மேலே உள்ள 75உம் வட்டத்தைத் தொடும் வரை நகர்த்துங்கள். பிறகு வட்டத்தை அழித்துவிட்டுச் சேமியுங்கள். ஏற்றும்போது வரும் திரையில் பெரிதாக்க வேண்டாம். அங்கே விரல் பட்டால் செய்த கணக்கெல்லாம் வீண்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி வைத்தாலும், கருத்துப் பகுதியில் விரல் நகம் அளவில் படம் வரும்போது வாசகத்தை யாராலும் வாசிக்க முடியாது. அது வெட்டுப்படுவதல்ல, சிறிதாகத் தெரிவது. படத்தைத் தொட்டுத் திறந்தால் முழுவதும் இருக்கும். அதுவும் போதாதென்றால், ரிப்பனை முழுமையாக எடுத்துவிட்டுக் கேடயத்தை மட்டும் வைக்கலாம். பாடசாலையின் பெயர்தான் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தில் இருக்கிறதே. ஆனால் அதை அதிபரும் சங்கமும் கூடி முடிவெடுக்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவர் போனில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. சான்றிதழிலும் பிள்ளைகளின் சட்டைப் பையிலும் உள்ள சின்னம் அப்படியே இருக்கட்டும்.

முழுதாக வையுங்கள், அல்லது ஒரு பகுதியை முழுதாக எடுங்கள். பாதியை வெட்டி வைக்காதீர்கள். ஏற்றிய பின் வேறொருவரின் போனில் ஒருமுறை பாருங்கள். ரிப்பனின் இரு நுனிகளும் தெரிந்தால் வேலை சரி.

எடிட் செய்த தம்பிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூலக் கோப்பை அனுப்பினால் இன்ஷா அல்லாஹ் கூட இருந்து சரிசெய்து தருவோம்.