‘நல்லா இருக்கு’க்கு அடுத்து என்ன?

சிங்கப்பூரில் கட்டுமான ஊழியர் ஒருவரிடம், “கேட்டரிங் சாப்பாடு நல்லா இருக்கா?” என்று ஆய்வுக்காகக் கேட்டால், “நல்லா இருக்கு” என்பார். பதில் முதலாளி காதுக்குப் போகுமோ என்ற பயம் இருப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு. பெயரைக் குறிக்கமாட்டோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பிறகு இப்படிக் கேளுங்கள்: “நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை எப்போ, என்ன சாப்பிட்டீங்க?”

“மத்தியானப் பொட்டலமும் காலையிலேயே வந்துடும்” என்பார். அந்த இடத்துக்கான துணைக்கேள்விகள் தயாராக இருக்கவேண்டும்: “எத்தனை மணிக்கு வரும்? அதுவரை எங்கே வைப்பீங்க? திறக்கும்போது எப்படி இருக்கும்?” விடியுமுன் சமைத்த சோறு வேலையிடத்து வெக்கையில் பல மணி நேரம் கிடப்பது அப்போதுதான் வெளிவரும்.

“கெட்டுப்போனா ஏன் சொல்லலை?” என்று கேட்காதீர்கள், அது அவர்மீது பழி போடும். “அன்னிக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்டுவிட்டுச் சில விநாடிகள் பேசாமல் காத்திருங்கள். வானொலியில் நாங்கள் அஞ்சும் அந்த மௌனம், இங்கே அவருக்கு யோசிக்க நேரம் தரும்.

கேள்விகளை முதலில் இரண்டு, மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில்கள் ஒற்றைச் சொல்லில் முடிந்தால், மாற்றவேண்டியது உங்கள் கேள்வியைத்தான்.