பீடிக்கு ஏன் இந்தச் சலுகை?

புகையிலை, மது மீதான வரி உயரும்போதெல்லாம் நம் மஹல்லாவில் ஒரு பேச்சு எழும். "பாவம் செய்பவன் கட்டட்டும், நமக்கென்ன?" என்பார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் இதைச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றே பீடியைப் பற்றவைக்கும் பெரியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எவரும் ஒதுங்க இயலாது.

பாவ வரி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இவ்வரியின் நியாயம் எளிமையானது. புகைப்பவன் பெட்டிக்குக் கொடுக்கும் விலையில், அவன் நோயால் குடும்பமும் மருத்துவமனையும் சுமக்கும் செலவு அடங்குவதில்லை. பிறர் மீது விழும் அச்செலவை விலையோடு சேர்த்துவிட வேண்டும் என்று ஆங்கிலப் பொருளியலாளர் பிகூ 1920இல் எழுதினார். பாவத்தின் நிறுவையை மறுமையில் அல்லாஹ் பார்த்துக்கொள்வான். வரி நிறுப்பது பிறருக்கு நேரும் இழப்பை மட்டுமே.

இனி கணக்கைப் பார்ப்போம். ஒரு சிகரெட் பெட்டியின் விலை 100 ரூபாய், அதில் வரி 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி 60 ஆனால் விலை 110. நம்மைப் போன்ற நாடுகளில் விலை பத்து விழுக்காடு ஏறினால் நுகர்வு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. நூறு பெட்டி விற்ற இடத்தில் தொண்ணூற்றைந்து விற்கும். அரசுக்கு 5,000 ரூபாய் வந்த இடத்தில் 5,700 வரும். புகையும் குறைகிறது, கருவூலமும் நிறைகிறது. பழக்கம் மனிதனை இறுகப் பிடித்திருப்பதாலேயே இவை இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வருவாயை ருசி கண்ட கருவூலம், பழக்கம் ஒழிவதை விரும்புமா? 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியின் அரசு, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியை விதித்தது. கள்ளுப் பணத்தை விட்டுவிட எண்ணியவர் வேறு வழி தேடினார். 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையிலேயே இருக்கிறது. வரியை நிர்ணயிப்பவரும் கடை வைத்திருப்பவரும் ஒருவரே என்றான பிறகு, குடி குறைந்தது என்ற செய்தியை அங்கே யார் மகிழ்ந்து வரவேற்பார்? ஆகவே இவ்வரியை வசூலைக் கொண்டு அளக்கலாகாது; எத்தனை பேர் விட்டார்கள், எத்தனை இளைஞர்கள் தொடங்காமலே இருந்தார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

இவ்வளவுகோலை வைத்தால் பீடியின் கதை வெட்கத்துக்குரியது. 2016-17இன் தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடி புகைக்கிறார்கள். சிகரெட் புகைப்போர் 4 விழுக்காட்டினரே. ஆயினும் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டின் மீது ஏற்றிய கூடுதல் செஸ் பீடியைத் தொடவில்லை. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்றும் பீடிக்கு 18 விழுக்காடு என்றும் முடிவெடுத்தது. முன்னர் பீடிக்கு இருந்தது 28. விளைவு என்ன? சிகரெட்டின் விலை ஏறினால், அதை விடவேண்டியவன் மலிவான பீடிக்கு இறங்குகிறான். சிகரெட் விற்பனை குறைந்தது என்று ஏட்டில் பதிவாகும். நுரையீரலுக்கு அந்தச் செய்தி எட்டாது. பீடியில் புகையிலை குறைவு என்பதும் ஆறுதலன்று. காற்றை எளிதில் விடாத அந்த இலை அணையாமலிருக்க, அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது.

"ஏழையின் புகையாயிற்றே, அதற்கும் வரியா?" என்பார்கள். விலை ஏறினால் முதலில் விடுபவரும் ஏழைகளே. நோய் வந்தால் வீட்டை விற்பவரும் அவர்களே. ஏழை மீதான இரக்கம் அவனுக்கு மலிவாக நஞ்சு தருவதாக இருக்க முடியாது.

"பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள்?" என்னும் கேள்வியே கனமானது. மேலப்பாளையத்தில் நம் சகோதரிகள் பலர் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் கட்டியே வீட்டை நடத்துகிறார்கள். அவர்கள் பிழைப்பை நாம் இகழவில்லை. ஆனால் அவர்கள் பெறுவது ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலி. வரி பத்து விழுக்காடு இறங்கினால் அக்கூலி தானாக உயராது. அந்தப் பணம் பீடியை மலிவாக்கும், இல்லையேல் முதலாளியின் பையில் தங்கும். தூளை நாளெல்லாம் முகர்ந்து இருமுவது மட்டும் அப்பெண்களின் பங்காகிறது. சிகரெட்டுக்கு ஒப்பாகப் பீடி வரியை உயர்த்தி, அக்கூடுதல் தொகையை அவர்களின் தையல் பயிற்சிக்கும் சிறுகடனுக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவைக்க அரசுக்குத் தடையேதுமில்லை. வாக்குக் கேட்டு மஹல்லாவுக்குள் வருவோரிடம் நம் ஜமாஅத் நிர்வாகிகள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.