அசமன்பாட்டைக் கழிக்கும் பழக்கம்

இரண்டு சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்கப் பள்ளியில் பழகியவர்கள், அசமன்பாடுகளையும் அப்படியே கழிக்கலாம், வகுக்கலாம் என்று நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. தண்ணீர்க் கணக்கில் இது நுழைந்தால் ஆபத்தும் கூட.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. மிஞ்சுவது கடலுக்குப் போகிறது. ஒரு நாள் வரத்து வினாடிக்கு 1000 முதல் 1200 கன அடிக்குள் என்றும், இரு கால்களும் சேர்ந்து எடுப்பது 700 முதல் 850-க்குள் என்றும் வைத்துக்கொள்வோம். உபரி எவ்வளவு? கீழ் எல்லையில் கீழ் எல்லையையும், மேல் எல்லையில் மேல் எல்லையையும் கழிப்பவர், 300 முதல் 350 என்பார்.

வரத்து 1000 ஆகவும் எடுப்பு 850 ஆகவும் இருந்தால் உபரி 150தான். வரத்து 1200, எடுப்பு 700 என்றால் 500. சரியான விடை 150 முதல் 500 வரை. தவறான விடை நம்பும்படி இருப்பதுதான் கொடுமை. ஆனால் அதைப் பிடிக்க வழி உண்டு. வரத்தின் ஐயம் 200, எடுப்பின் ஐயம் 150. உபரியில் அவை கூடி 350 ஆக வேண்டும். தனித்தனியாக மாறக்கூடிய இரண்டு ஐயங்களைக் கழித்ததும் 50 ஆகச் சுருங்கியதென்றால், இல்லாத துல்லியத்தைக் கணக்கு கற்பித்துவிட்டது.

காரணம் எளிது. a < b, c < d என்றால் b−a, d−c இரண்டும் மிகை எண்கள். இரு மிகை எண்களின் கூட்டல் மிகையே. ஆகவே a+c < b+d. அவற்றின் வித்தியாசமோ மிகையாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம். 5 < 10, 1 < 9 எனக் கழித்துப் பாருங்கள்: 4 < 1 என்று வருகிறது!

கழிக்கவே கூடாதா என்றால், சுற்றி வந்து கழிக்கலாம். c < d என்பதை −1 ஆல் பெருக்கினால் குறி திரும்பி −d < −c ஆகும். அதை முதலாவதோடு கூட்டினால் a−d < b−c. சிறியதிலிருந்து பெரியதையும், பெரியதிலிருந்து சிறியதையும் கழிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இரு பக்கத்திலும் ஒரே எண்ணைக் கழிப்பதில் தடையேதும் இல்லை.

வகுத்தலில் தவறு சில வேளை தானே கத்திக் காட்டிக்கொடுக்கும். குளத்தில் 40 முதல் 60 மில்லியன் கன அடி இருக்கிறது. தினமும் 2 முதல் 4 மில்லியன் கன அடி செலவாகிறது. எத்தனை நாள் வரும்? வரிசையாக வகுத்தால் குறைந்தது 20 நாள், அதிகபட்சம் 15 நாள் என்று வரும். 40-ஐ 4 ஆலும் 60-ஐ 2 ஆலும் வகுக்க வேண்டும்: 10 முதல் 30 நாள். நான்கு எண்களும் மிகையாக இருந்தால்தான் a/d < b/c என்ற இந்த விதி செல்லும். செலவின் கீழ் எல்லை பூஜ்யம் என்றால், 10 நாளுக்குக் குறையாது என்று மட்டுமே சொல்லலாம். மேல் எல்லை சொல்ல முடியாது.