டிவியில் இடம் நிரம்பினால் ரீசெட்தான் வழியா?

ஆண்ட்ராய்டு டிவியிலோ செட்-டாப் பாக்ஸிலோ சேமிப்பிடம் நிரம்பிவிட்டால் ஃபேக்டரி ரீசெட் ஒன்றே தீர்வு என்று பலரும் சொல்கிறார்கள். இந்தக் கருத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் முழுதாக நிற்பதில்லை.

முதல் வாதம், ரீசெட் செய்தால் மொத்த இடமும் திரும்பக் கிடைக்கும் என்பது. 8 ஜிபி என்று விற்கப்படும் டிவியில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. ரீசெட் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. அழிவது பயனர் பகுதி மட்டும். அதே செயலிகளைத் திரும்ப நிறுவினால் அதே நெருக்கடி மீண்டும் வரும். இடையில் எல்லாக் கணக்குகளிலும் புதிதாக நுழைய வேண்டிய வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, Clear cache, Clear data இரண்டும் ஒன்றுதான் என்பது. கேஷ் என்பது படங்களையும் பக்கங்களையும் வேகமாகக் காட்டச் செயலி எடுத்துவைத்த தற்காலிகக் கோப்பு. அதை அழித்தால் எதுவும் இழப்பில்லை. அடுத்த முறை செயலி திறக்கச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. Clear data கொடுத்தாலோ உள்நுழைவும் அமைப்புகளும் தரவிறக்கிய கோப்புகளும் போய்விடும்.

மூன்றாவது, டிவியோடு வந்த செயலிகளில் கைவைக்க முடியாது என்பது. அவற்றை நீக்க முடியாதது உண்மை. ஆனால் அவற்றின் பழைய பதிப்பு இயங்குதளப் பகுதியிலேயே இருக்க, புதுப்பிப்புகள் பயனர் பகுதியில் தனியாக இடம் பிடிக்கின்றன. யாரும் பார்க்காத ஓடிடி செயலி ஒன்று அப்படி இருந்தால், Settings-இல் Apps பட்டியலுக்குப் போய் அதைத் திறந்து முதலில் Uninstall updates, பிறகு Disable கொடுக்கலாம். முதலாவதோடு நிறுத்தினால் பிளே ஸ்டோர் புதுப்பிப்பைத் தானாகவே மறுபடி இறக்கிவிடும். Google Play services, முகப்புத் திரைச் செயலி ஆகியவற்றில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. மற்ற செயலிகள் தடுமாறும்.

நான்காவது, பென் டிரைவ் செருகினால் இடம் கூடிவிடும் என்பது. செருகியதும் அது படமும் பாட்டும் வைக்கத்தான் உதவும். செயலிகளை அதில் வைக்க, டிவியின் உள் சேமிப்பகமாக அதை மாற்ற வேண்டும். இந்த வசதி எல்லா டிவியிலும் கிடையாது. மாற்றும்போது அதிலுள்ளவை அழியும். பிறகு அதைப் பிடுங்கினால் அங்குள்ள செயலிகள் வேலை செய்யா.

ஆகவே வரிசை இதுதான்: Storage பகுதியில் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்ப்பது, பெரிய செயலிகளின் கேஷை அழிப்பது, பயன்படாதவற்றை நீக்குவது அல்லது முடக்குவது, டிவியை மறுதொடக்கம் செய்வது. சில நாளிலேயே திரும்ப நிரம்பினால் அது குப்பையின் குறையல்ல. அந்த டிவி தாங்குவதைவிட அதிகச் செயலிகள் இருக்கின்றன என்று பொருள். இவை எல்லாம் செய்தும் கணக்கில் வராத இடம் குறையாமல் நின்றாலோ, டிவியை விற்பதானாலோ மட்டுமே ரீசெட் தேவை.