ஸ்டாக் ஓவர்ஃப்ளோவா? ரேம் வாங்க ஓடாதீங்க சாமி!

ரொம்ப நாளா மனசுல இருக்குற எரிச்சல். இன்னைக்கு கொட்டிடறேன். புரோகிராம் "ஸ்டாக் ஓவர்ஃப்ளோ"ன்னு விழுந்ததும் நம்ம ஆளுங்க மூணே மூணு வைத்தியம்தான் சொல்வாங்க. "ரேம் பத்தல, கூட போடு." "எங்கேயோ முடிவில்லாம சுத்துது." "ரிகர்ஷனே ஆகாது, அதைத் தூக்கு." மூணையும் சொல்றவங்க ஒரு தடவையாவது கணக்கு போட்டுப் பார்த்திருப்பாங்களான்னா, சந்தேகம்தான். கூட்டல், வகுத்தல் தெரிஞ்சா போதும். வாங்க, போட்டுடுவோம்.

```c
long kootu(long n)
{
    if (n == 0) return 0;
    return n + kootu(n - 1);
}
```

ஒண்ணுல இருந்து n வரைக்கும் கூட்டுற பச்சப்புள்ள ஃபங்ஷன். 64 பிட் இன்டெல் மெஷின், லினக்ஸ், ஜிசிசி, ஆப்டிமைசேஷன் எதுவும் இல்லைன்னு வச்சுக்குவோம். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் என்ன நடக்குது? முதல்ல, வேலை முடிஞ்சு திரும்பி வரவேண்டிய இடத்தோட முகவரியை ஸ்டாக்கில் எழுதி வைக்கிறது: 8 பைட். அடுத்து கூப்பிட்டவனோட rbp ரிஜிஸ்டரைப் பத்திரப்படுத்துறது: இன்னொரு 8. அப்புறம் நம்ம n உட்கார இடம். அதுக்கு 8 போதும்தான், ஆனா ஸ்டாக் 16இன் மடங்கில் நிற்கணும்னு ஒரு விதி இருப்பதால் 16 ஒதுக்குறாங்க. ஆக மொத்தம் 32 பைட். இதுதான் ஒரு ஃபிரேம். ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சின்ன முகவரியை நோக்கிக் கீழே வளரும். ஃபங்ஷன் திரும்பும்போது யாரும் எதையும் அழிக்கிறதில்லை, rsp என்கிற முள் மேலே நகருது, அவ்வளவுதான். அதே இடம் அடுத்தவனுக்கு.

இப்போ அளவு. டெர்மினலில் `ulimit -s` அடிங்க. பெரும்பாலான லினக்ஸில் 8192 வரும். கிலோபைட் கணக்கு, அதாவது 8 எம்பி. 83,88,608 பைட்டை 32ஆல் வகுத்தால் 2,62,144. மெயின் ஃபங்ஷனும் இன்ன பிற சாமான்களும் கொஞ்சம் இடம் பிடிக்கும், அதைக் கழிச்சுக்கலாம். `kootu(200000)` கூப்பிட்டா சமத்தா 20000100000 என்று பதில் வரும். `kootu(300000)` கூப்பிட்டா 96 லட்சம் பைட் வேணும், இருக்கிறதோ 84 லட்சம் கூட இல்லை. `Segmentation fault`. முடிஞ்சது கதை.

இங்கேதான் முதல் வைத்தியர் மாட்டுறார். உங்க மெஷினில் 16 ஜிபி ரேம் இருக்கட்டும், அதில் 15 சும்மா கிடக்கட்டும். அப்பவும் விழும். லினக்ஸ் கெர்னல் ஸ்டாக்குக்கு இடத்தை முன்கூட்டியே கொடுக்கிறதில்லை. ஸ்டாக் கீழே தொடத்தொட பக்கம் பக்கமாகக் கொடுத்துக்கிட்டே வரும். 8 எம்பி கோட்டைத் தாண்டித் தொட்டதும், "இதுக்கு மேல உனக்கு இல்லை"ன்னு சிக்னலை அனுப்பிக் கொன்னுடும். தீர்ந்து போனது ரேம் இல்லை, உங்களுக்கு விதிச்ச எல்லை. விண்டோஸில் அந்த எல்லை சாதாரணமா 1 எம்பிதான். அதனாலதான் லினக்ஸில் ஓடின அதே புரோகிராம் அங்கே போய் மண்ணைக் கவ்வும்.

ரெண்டாவது வைத்தியர்: "முடிவில்லாம சுத்துது". மேலே பார்த்த `kootu(300000)` முடிவில்லாததா? ஒழுங்கா பூஜ்ஜியத்தை நோக்கித்தான் போய்க்கிட்டிருந்துச்சு, பாதை பத்தல. ஆனா `kootu(-1)` கூப்பிட்டுப் பாருங்க, அது நிஜமாவே பூஜ்ஜியத்தைப் பார்க்கவே பார்க்காது. வெளியே ரெண்டுக்கும் ஒரே மரண ஓலை. வித்தியாசம் கண்டுபிடிக்க gdbயில் `bt 5` அடிச்சா போதும். முதல் கேஸில் n சுமார் 38,000இல் நிற்கும்: இறங்கி வந்துக்கிட்டிருந்தவன் வழியில விழுந்திருக்கான். ரெண்டாவதில் n ரெண்டரை லட்சத்துக்கு மேல மைனஸில் நிற்கும்: தப்பான ரோட்டுல போனவன். பத்து செகண்ட் வேலை இது, அதைச் செய்யாம ஆரூடம் சொல்றாங்கய்யா!

சுத்தவே சுத்தாத கேஸும் உண்டு:

```c
void padi(void)
{
    char varisai[10000000];
    varisai[0] = 'a';
}
```

ரிகர்ஷன் இல்லை, லூப் இல்லை, ஒரே ஒரு அழைப்பு. ஆனா ஒரே ஃபிரேம் ஒரு கோடி பைட். விழும். `bt` அடிச்சா ரெண்டே ரெண்டு வரிதான் காட்டும், அதுதான் துப்பு. காலேஜில் ஸ்டாக்னா தட்டு அடுக்குறதுன்னு சொல்லிக் கொடுக்குறாங்களே, அந்த உதாரணம் பண்ணுற வேலை இது. எல்லாத் தட்டும் ஒரே சைஸ்னு மண்டையில ஏறிடுது. இங்கே ஒரு தட்டே அலமாரியை விட உயரம். வரிசையை `malloc` பக்கம் தள்ளிட்டா பிரச்சனை தீர்ந்தது.

மூணாவது வைத்தியர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவர்: "ரிகர்ஷனே ஆகாது". அவருக்கு ஃபிபனாச்சியைக் காட்டுறேன். தன்னைத்தானே ரெண்டு தடவை கூப்பிடுற அந்தப் பாடப்புத்தக ஃபங்ஷனில் 40ஆவது எண்ணைக் கேட்டா, மொத்தம் 33 கோடியே 11 லட்சத்துச் சொச்சம் அழைப்புகள். ஸ்டாக் நிரம்புச்சா? கிடையாது. நேரம்தான் ஆகும். ஏன்னா ஒரே நேரத்தில் திரும்பாம நிற்கிறவங்க அதிகபட்சம் 40 பேர்தான். எத்தனை தடவை கூப்பிட்டோம்கிறது ஸ்டாக்குக்குக் கவலையே இல்லை. எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம், ஒவ்வொருத்தரும் எவ்வளவு இடம் பிடிக்கிறார், இந்த ரெண்டின் பெருக்கல்தான் கணக்கு. பத்து லட்சம் கணுக்கள் உள்ள பைனரி ட்ரீ சமச்சீரா இருந்தா ஆழம் 20தான், ரிகர்ஷனில் தாராளமா சுத்தி வரலாம். அதே பத்து லட்சம் ஒரே பக்கமா சங்கிலி மாதிரி தொங்கினா ஆழமும் பத்து லட்சம், கண்டிப்பா காலி. கோட் அதே கோட்தான், மாறினது டேட்டாவோட வடிவம்.

"`ulimit -s unlimited` போட்டா சரியாப் போச்சு"ன்னு பின்னூட்டத்தில் சொல்ல நாலு பேர் தயாரா இருப்பீங்கன்னு தெரியும். ஆழம் எவ்வளவுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா, எல்லையைக் கூட்டுறது நியாயம். ஆனா ஆழத்தை வெளியாள் கொடுக்குற உள்ளீடு முடிவு பண்ணுச்சுன்னா? அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறின்னு படிக்கிற பார்ஸருக்கு ஒருத்தன் பத்து லட்சம் `[` அனுப்பினா போச்சு. எல்லையைக் கூட்டினா அவன் இன்னும் கூட அனுப்புவான். அங்கே ஆழத்தை எண்ணி, ஒரு அளவுக்கு மேல "முடியாது"ன்னு மரியாதையா மறுக்கணும். இல்லைன்னா ஹீப்பில் நீங்களே ஒரு ஸ்டாக் வச்சு லூப்பா எழுதணும்.

இன்னொரு வேடிக்கை: அந்த `kootu`வை `gcc -O2` போட்டு கம்பைல் பண்ணினா 3 லட்சம் என்ன, 30 லட்சமும் ஓடும். கம்பைலர் ரிகர்ஷனைத் தூக்கிட்டு லூப்பாக்கிடுது. "என் மெஷினில் ஓடுதே"ன்னு சொல்ற புண்ணியவான்களில் சிலர் இந்தக் கேஸ்தான். டீபக் பில்டில் விழும், ரிலீஸ் பில்டில் ஓடும். அதை நம்பிக் குடித்தனம் நடத்தாதீங்க, அடுத்த மாசம் யாராவது கூட்டல் முடிஞ்சதும் ஒரு `printf` சேர்த்தாலே அந்தச் சலுகை போயிடலாம்.

அடுத்த தடவை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்தா `bt` அடிங்க. ஆழத்தை ஃபிரேம் சைஸால் பெருக்குங்க. எல்லையோட ஒப்பிடுங்க. அப்புறமா யாரைத் திட்டணுமோ திட்டலாம், என்னையும் சேர்த்து.